சுனாமியும் சாதாரண கடல் அலையும்: வித்தியாசம் நீளத்தில்

"சுனாமி என்றால் பெரிய அலை என்றுதான் எல்லோரும் சொல்கிறார்கள். ஆனால் புயல் சமயத்தில் பத்து மீட்டர் அலைகூட வருகிறதாம், அதை யாரும் சுனாமி என்று சொல்வதில்லை. நடுக்கடலில் கப்பலில் இருப்பவர்களுக்குச் சுனாமி கடந்து போவதே தெரியாது என்றும் படித்தேன். அப்படியானால் சாதாரண அலைக்கும் இதற்கும் உண்மையில் என்ன வித்தியாசம்?"

உயரத்தை வைத்துப் பார்த்தால் இது பிடிபடாது. ஒரு முகட்டுக்கும் அடுத்த முகட்டுக்கும் நடுவே எவ்வளவு தூரம் என்று பாருங்கள். சாதாரண அலையில் அது நூறு, இருநூறு மீட்டர். சுனாமியில் நூறு, இருநூறு, சில சமயம் முந்நூறு கிலோமீட்டருக்கும் மேல். மற்ற வித்தியாசங்கள் எல்லாம் இந்த ஒன்றிலிருந்துதான் வருகின்றன.

முதலில் சாதாரண அலையை எடுத்துக்கொள்வோம். காற்று கடலின் மேற்பரப்பைத் தள்ளித் தள்ளி எழுப்புவது அது. கரையில் நின்று எண்ணினால் ஐந்து முதல் இருபது வினாடிக்கு ஓர் அலை வரும். பத்து வினாடிக்கு ஒன்று வரும் அலைக்கு ஆழ்கடலில் நீளம் சுமார் 156 மீட்டர், வேகம் மணிக்கு 56 கிலோமீட்டர். அலை இப்படி ஓடினாலும் தண்ணீர் கூடவே ஓடுவதில்லை. வயலில் காற்றடிக்கும்போது பயிர் நின்ற இடத்திலேயே சாய்ந்து நிமிர, அலை மட்டும் வரப்பு வரை ஓடுவது போலத்தான் இதுவும். ஒவ்வொரு துளியும் ஒரு சின்ன வட்டம் போட்டுவிட்டு ஏறக்குறைய பழைய இடத்துக்கே திரும்பிவிடும். கீழே போகப் போக அந்த வட்டம் சுருங்கும். அலை நீளத்தில் பாதி ஆழம் போனால், அதாவது நம் கணக்கில் 78 மீட்டருக்குக் கீழே, அசைவு என்று சொல்லும்படி ஒன்றும் இருக்காது. மேலே புயல் பத்து மீட்டர் அலையை எழுப்பிக்கொண்டிருந்தாலும் மூன்று கிலோமீட்டர் ஆழத்தில் இருக்கும் கடல் தரைக்கு அது தெரியாது. காற்று அலை எவ்வளவு பயங்கரமாக இருந்தாலும் கடலின் மேல்தோலோடு முடிந்துவிடுகிற விஷயம்.

சுனாமி வேறு இடத்தில் பிறக்கிறது. கடல் தரையே நகர்ந்து, தனக்கு மேலே நிற்கும் தண்ணீர் மொத்தத்தையும் தூக்கிவிடுகிறது. 2004 டிசம்பர் 26 அன்று நடந்ததையே பார்ப்போம். சுமத்ராவின் வடமேற்கு முனையிலிருந்து அந்தமான் தீவுகள் வரை, 1,200 கிலோமீட்டருக்கும் மேல் நீளமுள்ள ஒரு விளிம்பில், இந்தியக் கண்டத்தட்டு இன்னொரு தட்டுக்கு அடியில் மெதுவாகச் செருகிக்கொண்டிருக்கிறது. இரண்டும் உரசும் இடம் நெடுங்காலமாகப் பூட்டிக்கொண்டு நின்றது. கீழே போகும் தட்டு மேல் தட்டின் விளிம்பையும் சேர்த்துக் கீழே இழுத்து வளைத்துவைத்திருந்தது. அன்று காலை, இந்திய நேரப்படி 6:29 மணிக்கு அந்தப் பூட்டு விட்டது. 9.1 அளவில் பதிவான நிலநடுக்கம் அதுதான். முனையிலிருந்து முனை வரை பிளந்து முடிக்கவே எட்டு, பத்து நிமிடம் ஆனது. வளைந்திருந்த விளிம்பு சில மீட்டர் மேலே எழும்பியது. அதற்குப் பின்னால், கிழக்குப் பக்கம் இருந்த தரை கொஞ்சம் தாழ்ந்தது.

இந்த இடத்தில்தான் நீளம் வந்து சேர்கிறது. எழும்பிய பகுதியின் அகலம் சுமார் நூறு கிலோமீட்டர் அளவில். அவ்வளவு பெரிய பரப்பின் மேல் நிற்கும் தண்ணீர் பக்கவாட்டில் வழிந்து சமமாவதற்கு நேரம் வேண்டும். தரை எழும்பியதோ அதைவிட வேகமாக. அதனால் கீழே தரை என்ன வடிவம் எடுத்ததோ, ஏறக்குறைய அதே வடிவத்தைக் கடலின் மேற்பரப்பும் எடுத்துக்கொண்டது: மேற்கே ஒரு நீண்ட மேடு, கிழக்கே ஒரு நீண்ட பள்ளம். அந்த மேடும் பள்ளமும் ஈர்ப்பு விசையால் சமநிலைக்கு வரப் பார்க்கும்போது இரண்டு பக்கமும் ஓடும் அலைகள்தான் சுனாமி.

நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் நீளமுள்ள அலைக்கு மூன்று, நான்கு கிலோமீட்டர் ஆழமுள்ள கடல் ஒரு மெல்லிய தாள் அளவுதான். அதனால் நடுக்கடலில்கூட சுனாமிக்கு எல்லாமே ஆழமில்லாத தண்ணீர்தான். மேலிருந்து தரை வரை தண்ணீர் முழுவதும் சேர்ந்து முன்னும் பின்னும் நகர்கிறது. இப்படிப்பட்ட அலையின் வேகத்தைக் காற்றோ அலையின் உயரமோ தீர்மானிப்பதில்லை, ஆழம் ஒன்றுதான் தீர்மானிக்கிறது:

வேகம் = √(g × h)

g என்பது ஈர்ப்பு முடுக்கம், 9.81. h என்பது மீட்டரில் ஆழம். விடை வினாடிக்கு இத்தனை மீட்டர் என்று வரும். 3,000 மீட்டர் ஆழத்துக்குப் போட்டுப் பார்த்தால் வினாடிக்கு சுமார் 172 மீட்டர், மணிக்கு 600 கிலோமீட்டருக்கும் மேல். 10 மீட்டர் ஆழத்தில் மணிக்கு 36 கிலோமீட்டர்தான். 2004-இல் தாய்லாந்தின் ஃபூகெட் தீவு அலை பிறந்த இடத்திலிருந்து சுமார் 500 கிலோமீட்டர் தூரத்தில் இருந்தது. இலங்கையும் தமிழ்நாடும் ஏறக்குறைய மூன்று மடங்கு தூரம். ஆனாலும் ஃபூகெட்டுக்குச் சுமார் இரண்டு மணி நேரத்தில் போன அலை, சென்னைக்கு இரண்டரை மணி நேரத்தில் வந்துவிட்டது. கிழக்கே போனது ஆழம் குறைந்த அந்தமான் கடலில் ஊர்ந்தது, மேற்கே வந்தது ஆழமான வங்காள விரிகுடாவில் பறந்தது.

கப்பலில் இருப்பவர்களுக்குத் தெரியாது என்று நீங்கள் படித்தது உண்மைதான். அதற்கு அளந்த ஆதாரமே இருக்கிறது. கடல் மட்டத்தை ரேடார் மூலம் அளக்கும் ஜேசன்-1 என்ற செயற்கைக்கோள், நிலநடுக்கம் நடந்து சுமார் இரண்டு மணி நேரத்தில் தற்செயலாக வங்காள விரிகுடாவுக்கு மேலே போனது. ஓடிக்கொண்டிருந்த சுனாமி அதில் பதிவானது. வழக்கமான மட்டத்தைவிட அலை முகட்டின் உயரம் சுமார் 60 சென்டிமீட்டர். அவ்வளவுதான். (அந்தப் பதிவைப் பிரித்துப் பார்க்கவே பல மணி நேரம் பிடிக்கும் என்பதால் எச்சரிக்கைக்கு அது உதவவில்லை.) அலைக்கு அலை அரை மணி நேர இடைவெளி என்று வைத்துக்கொண்டால், கப்பல் அந்த 60 சென்டிமீட்டர் ஏறுவதற்கு ஏழு, எட்டு நிமிடம் ஆகும். ஒரு மீட்டர், இரண்டு மீட்டர் காற்று அலைகள் சில வினாடிக்கு ஒருமுறை ஆட்டிக்கொண்டிருக்கும் கப்பலில் அதை யார் உணர முடியும்?

வேகம் மணிக்கு 600 கிலோமீட்டர் என்றதும் தண்ணீரே அந்த வேகத்தில் பாய்வதாக நினைத்துவிடக் கூடாது. அந்த வேகம் அலை வடிவத்துக்கு உரியது. 3,000 மீட்டர் ஆழத்தில் 60 சென்டிமீட்டர் சுனாமி கடக்கும்போது தண்ணீர் நகர்வது வினாடிக்கு மூன்று சென்டிமீட்டர் வாக்கில்தான், எறும்பு நடையளவு. ஆனால் மேலே ஒரு மீட்டர் தண்ணீர் மட்டும் அப்படி நகர்வதில்லை, மேலிருந்து அடிவரை மூன்று கிலோமீட்டரும் நகர்கிறது. சுனாமியின் ஆற்றல் இருப்பது அங்கேதான். தண்ணீரின் வேகம் இவ்வளவு குறைவு என்பதால் உராய்வில் வீணாவதும் குறைவு. 1960-இல் சிலி நாட்டில் பிறந்த சுனாமி பசிபிக் பெருங்கடலையே கடந்து, ஏறக்குறைய ஒரு நாள் கழித்து ஜப்பானில் நூற்றுக்கும் மேற்பட்டவர்களைக் கொன்றது இதனால்தான்.

சரி, 60 சென்டிமீட்டர் அலை கரையில் எப்படி அத்தனை அழிவைச் செய்கிறது? நம் அலையைக் கரைக்குக் கொண்டுவந்து பார்ப்போம். அரை மணி நேர இடைவெளியுள்ள அலை 3,000 மீட்டர் ஆழத்தில் சுமார் 300 கிலோமீட்டர் நீளம் இருக்கும். ஆழம் குறையக் குறைய முன்பகுதி வேகம் இழக்கிறது. பின்பகுதி இன்னும் ஆழத்தில் இருப்பதால் வேகமாகவே வந்துகொண்டிருக்கிறது. அதனால் அலை நெருங்கிச் சுருங்குகிறது. 10 மீட்டர் ஆழத்துக்கு வரும்போது நீளம் 18 கிலோமீட்டர் ஆகிவிடும். முன்னூறு கிலோமீட்டரில் பரவியிருந்த ஆற்றல் இப்போது பதினெட்டுக்குள் அடங்க வேண்டும், அதனால் உயரம் கூடுகிறது. கணக்குப்படி நான்கு மடங்கு, அதாவது 60 சென்டிமீட்டர் சுமார் இரண்டரை மீட்டராகும். தண்ணீரின் வேகமும் வினாடிக்கு மூன்று சென்டிமீட்டரிலிருந்து இரண்டரை மீட்டர் வரை போய்விடும். நிஜக் கரையில் வளைகுடா, ஆற்று முகம், கடல் தரையின் சாய்வு எல்லாம் சேர்ந்து இதை இன்னும் கூட்டும், சில இடங்களில் குறைக்கவும் செய்யும். பக்கத்துப் பக்கத்து ஊர்களில் ஒன்று அழிந்து ஒன்று தப்புவதற்கு இதுதான் பெரும்பாலும் காரணம். பிறந்த இடத்துக்கு அருகிலேயே இருந்த, சுமத்ராவின் ஆச்சே மாகாணத்தில் தண்ணீர் ஏறிய உயரம் சில இடங்களில் 30 மீட்டரைத் தாண்டியது.

இரண்டரை மீட்டர் என்றதும் "அவ்வளவுதானா, புயலில் இதைவிடப் பெரிதாக வருமே" என்று தோன்றும். அங்கேதான் நீளம் தன் வேலையைக் காட்டுகிறது. ஒரு மீட்டர் அகலக் கரையை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். இரண்டரை மீட்டர் உயரம் வரும் பத்து வினாடி அலை, தன் முகட்டில் சுமந்து வருவது சுமார் 70 கன மீட்டர் தண்ணீர். நான்கைந்து வினாடியில் அது முடிந்து, பின்வாங்கிவிடும். அதே உயரமுள்ள அரை மணி நேர அலையின் முகட்டில் அதே ஒரு மீட்டருக்குச் சுமார் 14,000 கன மீட்டர் இருக்கிறது. ஒரு கன மீட்டர் ஒரு டன். அது கால் மணி நேரம் நிற்காமல் உள்ளே வந்துகொண்டே இருக்கும். சாதாரண அலை கரையில் உடைந்து நுரையாகித் தன் ஆற்றலை அங்கேயே இழந்துவிடுகிறது. சுனாமி பெரும்பாலும் உடைவதே இல்லை. கடல் மட்டமே உயர்ந்து ஊருக்குள் நடந்து வருகிறது என்றுதான் சொல்ல வேண்டும். முன்விளிம்பு சில இடங்களில் செங்குத்தாக எழுந்து வரலாம், ஆனால் அதற்குப் பின்னால் பள்ளம் கிடையாது, அதே உயரத்தில் தண்ணீர் கிலோமீட்டர் கணக்கில் நிற்கிறது. நீலமாகச் சுருண்டு விழும் அலையின் படத்தைப் போட்டுச் சுனாமி என்று எழுதுவது எனக்கு வருத்தமாகவே இருக்கும். அந்தப் படம் மனதில் பதிந்தவர், உண்மையான சுனாமி வரும்போது அடையாளம் காண மாட்டார். அது பழுப்பு நிறத்தில், மணலும் மரக்கட்டையும் வண்டிகளும் கலந்து, ஆற்று வெள்ளம் போலவே வரும். நீச்சல் தெரிந்தவருக்கும் அதில் வேலையில்லை. திரும்பிப் போகும்போது அதே வேகத்தில் எல்லாவற்றையும் கடலுக்கு இழுத்துக்கொண்டு போகும்.

கடல் உள்வாங்குவதைப் பற்றியும் சொல்ல வேண்டும், ஏனென்றால் இதில் ஒரு ஆபத்தான அரைகுறைப் புரிதல் இருக்கிறது. சுனாமிக்கு முன்னால் கடல் கண்டிப்பாக உள்வாங்கும் என்று பலர் நம்புகிறார்கள். எப்போதும் அப்படி இல்லை. 2004-இல் மேடு மேற்கே, பள்ளம் கிழக்கே இருந்தது என்று பார்த்தோம். ஆகவே தாய்லாந்துக் கரைக்கு முதலில் போய்ச் சேர்ந்தது பள்ளம்: கடல் வெகுதூரம் பின்வாங்கி, தரை தெரிந்தது, வேடிக்கை பார்க்கவும் மீன் பொறுக்கவும் ஆட்கள் இறங்கினார்கள், சில நிமிடங்களில் முகடு வந்தது. இந்தியாவுக்கும் இலங்கைக்கும் முதலில் வந்தது முகடு. உள்வாங்கலே இல்லாமல் நேராகத் தண்ணீர் ஏறியது. உள்வாங்கல் அதற்கு அப்புறம்தான் வந்தது. இலங்கையின் களுத்துறைக் கரையை அன்று காலை எடுத்த செயற்கைக்கோள் படத்தில், ஊருக்குள் புகுந்த தண்ணீர் சுழல் சுழலாகக் கடலுக்குத் திரும்புவதும், கடல் சில நூறு மீட்டர் பின்வாங்கி மணல் வெறுமையாகக் கிடப்பதும் தெளிவாகத் தெரியும். எனவே கடல் உள்வாங்கினால் ஓட வேண்டும், சரி. உள்வாங்கவில்லை என்பதால் சுனாமி இல்லை என்று முடிவு கட்டக் கூடாது.

களுத்துறை இலங்கையின் தென்மேற்கில் இருக்கிறது, அலை பிறந்த திசைக்கு முதுகைக் காட்டிக்கொண்டு. அங்கேயும் போனது, கேரளத்துக்கும் போனது. காற்று அலையிலிருந்து தப்ப ஒரு தீவின் மறைவு போதும். இவ்வளவு நீளமான அலையோ தீவைச் சுற்றி வளைந்து பின்பக்கமும் வந்துவிடும்.

அடுத்தது, சுனாமி ஒற்றை அலை கிடையாது. ஒன்றன்பின் ஒன்றாக, பத்து நிமிடத்திலிருந்து ஒரு மணி நேரம் வரை இடைவெளி விட்டு வரும். முதல் அலைதான் பெரியது என்ற உத்தரவாதமும் இல்லை. முன்பு சொன்ன 1960 சிலி சுனாமி ஹவாய்த் தீவின் ஹிலோ நகரத்துக்கு நள்ளிரவு தாண்டி வந்தது. எச்சரிக்கைச் சங்கு சில மணி நேரம் முன்பே ஒலித்திருந்தது. முதல் அலை சிறியது. இவ்வளவுதான் போல என்று சிலர் கரைப்பகுதிக்குத் திரும்பினார்கள், சிலர் கிளம்பவே இல்லை. இரவு ஒரு மணியைக் கடந்து வந்த மூன்றாவது அலைதான் நகரத்தை உடைத்தது. 61 பேர் இறந்தார்கள். அரை மணி நேரம் அமைதி என்றால் அது சுனாமியின் இரண்டு முகடுகளுக்கு நடுவே இருக்கும் சாதாரண இடைவெளியாக இருக்கலாம்.

எல்லா நிலநடுக்கமும் சுனாமியைத் தருவதில்லை. 2012 ஏப்ரல் 11 அன்று அதே சுமத்ராவுக்கு மேற்கே, கடலுக்கடியில், 8.6 அளவில் பெரிய நிலநடுக்கம் வந்தது. வந்த சுனாமி மிகச் சிறியது. அங்கே தரை பக்கவாட்டில் வழுக்கியதே தவிர மேலும் கீழும் அதிகம் போகவில்லை, அதனால் தண்ணீரைத் தூக்க ஒன்றும் இல்லை. நிலச்சரிவாலும் எரிமலையாலும் வரும் சுனாமிகள் வேறு வகை. 1958-இல் அலாஸ்காவின் லிட்டுயா விரிகுடாவில் மலைச்சரிவு கடலில் விழுந்து, எதிர்க்கரையில் தண்ணீரை 524 மீட்டர் உயரம் வரை ஏற்றியது. நினைத்துப் பார்க்கவே முடியாத உயரம், ஆனால் பிறந்த இடம் சிறியது, அலை நீளம் குறைவு, அதனால் பெருங்கடலைக் கடக்கும் தெம்பு அதற்கு இல்லை.

அந்த 2012 நாளில் எச்சரிக்கை கொடுத்து, பிறகு திரும்பப் பெற்றார்கள். ஆபத்து இல்லை என்று எப்படித் தெரிந்தது? அலை வித்தியாசத்தையே கருவியாக மாற்றியிருக்கிறார்கள் என்பதுதான் எனக்கு இதில் மிகவும் பிடித்த பகுதி. கடல் தரையில், பல கிலோமீட்டர் ஆழத்தில், ஓர் அழுத்தமானியை வைக்கிறார்கள். மேலே புயல் அடித்தாலும் காற்று அலையின் அழுத்தம் அவ்வளவு கீழே வராது, கடலே அதை வடிகட்டிவிடுகிறது. ஓதம் வரும், ஆனால் அது ஏற்ற இறக்கத்துக்குப் பல மணி நேரம் எடுக்கும், முன்கூட்டியே கணக்கிட்டுக் கழித்துவிடலாம். இரண்டுக்கும் நடுவே, சில நிமிடங்களிலிருந்து ஒரு மணி நேரத்துக்குள் ஏறி இறங்கும் ஓர் அழுத்த மாற்றம் தெரிந்தால் அது சுனாமி. தலைக்கு மேல் ஒரு சென்டிமீட்டர் தண்ணீர் கூடினாலே அந்தக் கருவி கண்டுபிடித்துவிடும். அது ஒலியலை மூலம் மேலே மிதக்கும் மிதவைக்குச் சொல்ல, மிதவை செயற்கைக்கோள் வழியாகக் கரைக்குச் சொல்கிறது. 2004-இல் இந்தியப் பெருங்கடலில் இப்படி ஒரு கருவிகூடக் கிடையாது. 2007 முதல் ஹைதராபாத்தில் இந்தியாவின் சுனாமி எச்சரிக்கை மையம் இயங்குகிறது.

இந்தக் கருவிகள் காப்பாற்றுவது அலை வந்து சேர மணிக்கணக்கில் ஆகும் கரைகளை. பிறப்பிடத்துக்குப் பக்கத்தில் இருப்பவர்களுக்கு அந்த நேரம் கிடைக்காது. 2004-இல் சுமத்ராவை ஒட்டிய சிமெலு தீவுக்கு அலை வர ஏறக்குறைய பத்து நிமிடம்தான் ஆனது. 1907-இல் அங்கே வந்த சுனாமியைப் பற்றித் தாத்தா பாட்டி சொன்ன கதை அந்தத் தீவில் எல்லோருக்கும் தெரியும்: பெரிய நடுக்கம் வந்தால் எதையும் எடுக்காமல் குன்றுக்கு ஓடு. ஓடினார்கள். சுமார் 78,000 பேரில் ஏழு பேர்தான் இறந்தார்கள்.

ஆனால் நடுக்கம் பலமாக இருந்தால்தான் ஓட வேண்டும் என்று வைத்துக்கொண்டால் அதிலும் ஓர் ஓட்டை இருக்கிறது. 1896-இல் ஜப்பானின் சான்ரிகு கரையில் வந்த நிலநடுக்கம் மெதுவாக ஆட்டியது, பலர் பொருட்படுத்தவே இல்லை. பிளவு மெதுவாக வழுக்கியதால் வீடுகள் அதிகம் ஆடவில்லை, தண்ணீரோ முழுதாகத் தூக்கப்பட்டது. சுமார் அரை மணி நேரத்தில் வந்த சுனாமி ஏறக்குறைய 22,000 பேரைக் கொன்றது, சில இடங்களில் 38 மீட்டர் உயரம் வரை ஏறியது. அதனால் கடற்கரையில் இருக்கும்போது ஆட்டம் எவ்வளவு பலம் என்பதைவிட எவ்வளவு நேரம் நீடிக்கிறது என்று கவனியுங்கள். மெல்லிய ஆட்டமே ஆனாலும் ஒரு நிமிடம் நிற்காமல் இருந்தால், கடலைப் பார்த்து உறுதி செய்துகொள்ளக் காத்திருக்காமல் உடனே மேட்டுக்குப் போய்விடுங்கள், அதிகாரிகள் சொல்லும் வரை பல மணி நேரம் ஆனாலும் அங்கேயே இருங்கள்.